காரணம் இருந்தால் பொறுப்பு போய்விடுமா?

1924 ஆகஸ்டில் சிகாகோ நீதிமன்றம் ஒன்றில் கிளாரன்ஸ் டாரோ என்ற 67 வயது வழக்கறிஞர் மூன்று நாட்களாக, மொத்தம் ஏறக்குறைய 12 மணி நேரம் பேசினார். அவருடைய கட்சிக்காரர்கள் நேதன் லியோபோல்ட், ரிச்சர்ட் லோப் என்ற இரு இளைஞர்கள். அதே வட்டாரத்தில் வசித்த பாபி ஃபிராங்க்ஸ் என்ற 14 வயதுச் சிறுவனை அந்த ஆண்டு மே 21 அன்று கடத்திக் கொன்றதை இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அவர்கள்தான் செய்தார்களா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. தூக்கா, ஆயுள் சிறையா என்பது மட்டுமே மிச்சம். அந்த 12 மணி நேரத்தில் டாரோ வைத்த வாதம் சட்டப் புத்தகத்தைத் தாண்டி, தத்துவம் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டி வரும் ஓர் இடத்துக்குள் போய்விட்டது. நடக்கும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காரணம் இருக்கிறது என்றால், செய்தவனைக் குற்றம் சொல்வதில் நியாயம் உண்டா?

கொலையின் விவரங்களைக் கொஞ்சம் பார்க்கத்தான் வேண்டும். பின்னால் வரும் வாதமெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

இருவரும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். லோப் 17 வயதிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன். லியோபோல்ட் பறவை ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவன், சட்டம் படிக்க ஹார்வர்டுக்குப் போகவிருந்தவன். குற்றம் நடந்தபோது ஒருவனுக்கு 18 வயது, மற்றவனுக்கு 19. பிடிபடாத ஒரு குற்றத்தைச் செய்து காட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். பணமும் கேட்டார்கள், ஆனால் அவர்களுக்குப் பணத் தேவை எதுவும் இல்லை. மாதக்கணக்கில் தயாரானார்கள். திருடிவந்த ஒரு தட்டச்சுப் பொறியில் மிரட்டல் கடிதத்தை அடித்துவைத்தார்கள். 10,000 டாலர் கேட்கும் அந்தக் கடிதம் முதலிலேயே தயார். யாரைக் கடத்துவது என்பதுதான் கடைசிவரை முடிவாகவில்லை. பள்ளி விட்டு அந்த வழியாக நடந்து வந்ததுதான் பாபி செய்த ஒரே காரியம். பொய்ப்பெயரில் வாடகைக்கு எடுத்த காரில் அவனை ஏற்றினார்கள். உடலை ஊருக்கு வெளியே, ரயில் பாதைக்கு அடியில் ஓடும் ஒரு நீர்க்குழாய்க்குள் தள்ளினார்கள். யாரென்று தெரியக்கூடாது என்று அமிலமும் ஊற்றினார்கள்.

உடல் கிடந்த இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி அகப்பட்டது. அதன் கீல் புதுவகையானது. அந்தக் கீல் வைத்த கண்ணாடியை சிகாகோவில் மூன்று பேர்தான் வாங்கியிருந்தார்கள், அதில் ஒருவன் லியோபோல்ட். பறவை பார்க்கப் போனபோது விழுந்திருக்கும் என்றான். அன்று தன் காரில் சுற்றிக்கொண்டிருந்ததாகவும் சொன்னான். ஆனால் அந்தக் கார் பழுது பார்க்க வீட்டிலேயே நின்றது என்று குடும்பத்தின் கார் ஓட்டுநர் சொல்லிவிட்டார். பிறகு இருவருமே வாக்குமூலம் கொடுத்தார்கள்.

மனநோய் என்று வாதாடினால் வழக்கு ஜூரிகளின் முன் போகும். கொதித்துப்போயிருந்த ஊரில் 12 ஜூரிகள் தூக்கைத்தான் சொல்வார்கள் என்று டாரோவுக்குத் தெரியும். அதனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைத்து, தண்டனையை ஜான் கேவர்லி என்ற ஒரே நீதிபதியின் கையில் விட்டார். அவர் முன்னால் அடுக்கியது முழுக்கக் காரணங்கள். லோபைக் கண்டிப்போடு வளர்த்த செவிலித்தாய், அவளுக்குத் தெரியாமல் அவன் படித்த துப்பறியும் கதைகள், லியோபோல்ட் மூழ்கிப்போன நீட்சேயின் தத்துவம், கேட்காமலே கிடைத்த செல்வம், உயிரை மலிவாக்கிவிட்ட முதல் உலகப் போர். இந்தப் பையன்கள் தங்கள் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கவில்லை, தங்கள் மூளையையும் தாங்களே செய்துகொள்ளவில்லை, முடிவில்லாத ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் அந்தக் கொலை என்பது அவருடைய வாதத்தின் சாரம். வழக்குக்காக அவர் இட்டுக்கட்டியது அல்ல இது. 1902-லேயே சிகாகோ சிறைக் கைதிகள் முன் இதே கருத்தைப் பேசியவர் அவர். 1922-ல் குற்றத்தின் காரணங்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியிருந்தார்.

தத்துவத்தில் இந்தப் பார்வைக்கு நியதிவாதம் என்று பெயர். உலகத்தின் இந்த நொடி நிலையும் இயற்கை விதிகளும் சேர்ந்து அடுத்த நொடியை ஒரே ஒரு வழியில் முடிவுசெய்துவிடுகின்றன என்பதுதான் அதன் கூற்று. இதை நம் ஊர்த் தலையெழுத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தலையெழுத்து என்பவர், நீ என்ன செய்தாலும் வருவது வந்தே தீரும் என்கிறார். நியதிவாதி அப்படிச் சொல்வதில்லை. நீ யோசிப்பதும் தயங்குவதும் முடிவெடுப்பதும் காரணங்கள்தான், அவை மாறினால் விளைவும் மாறும், ஆனால் அந்த யோசனைக்கும் முன்னால் காரணம் இருக்கிறது என்கிறார். அணுக்களின் உலகில் தற்செயலுக்கும் இடம் உண்டு என்று இயற்பியல் சொல்வது உண்மையாக இருக்கலாம். அதனால் இங்கே பெரிதாக ஒன்றும் மாறிவிடாது. லோபின் மூளையில் ஏதோ ஒரு துகள் தற்செயலாகத் துள்ளியதால்தான் கொலை நடந்தது என்றால், அந்தத் துள்ளலும் அவன் கையில் இல்லாததுதான்.

இதை ஏற்றுக்கொண்ட பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. எல்லாம் காரணத்தின் விளைவு என்றால் சுயவிருப்பம் என்று ஒன்று இல்லை, ஆகவே யாரும் பழிக்கு உரியவர் அல்லர் என்பது கடும் நியதிவாதம். 18-ம் நூற்றாண்டுப் பாரிசில் ஒல்பாக் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். செயலுக்குக் காரணம் இருப்பதும் அது சுதந்திரமாகச் செய்யப்பட்டதாக இருப்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை, எந்த வகைக் காரணம் என்பதுதான் கேள்வி என்பது இணக்கவாதம். ஹாப்ஸும் ஹியூமும் இந்தப் பக்கம். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1884-ல் இந்த இரு நிலைகளைக் கடுமை, மென்மை என்று பிரித்துப் பெயர் வைத்தார். மென்மையானதை அவர் வெறும் நழுவல் என்றே நினைத்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதற்கு நீதிபதி கேவர்லியின் தீர்ப்பையே எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 10 அன்று கொலைக்கு ஆயுள் சிறையும் கடத்தலுக்கு 99 ஆண்டுகளும் விதித்தார் கேவர்லி. டாரோ ஜெயித்தார். ஆனால் அவருடைய தத்துவம் ஜெயிக்கவில்லை. இந்த இருவரின் வாழ்க்கையை மருத்துவர்கள் அலசிய விதம் குற்றவியலுக்கு மதிப்புள்ளது என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். கூடவே, குற்றம் சாட்டப்பட்ட வேறு யாரை இப்படி அலசினாலும் இதைப் போலவோ வேறு விதமாகவோ ஏதாவது கோணல் தெரியத்தான் செய்யும் என்றார். அதனால் அந்த அலசல் தன் முடிவைப் பாதிக்கவில்லை என்றும் சொன்னார். அவர்கள் முழு வயது அடையாதவர்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட காரணம்.

டாரோ இரண்டு வாதங்களைப் பின்னி வைத்திருந்தார், நீதிபதி அவற்றைப் பிரித்துவிட்டார். எல்லோருடைய செயலுக்கும் காரணம் உண்டு என்பது ஒரு வாதம். இவர்கள் இன்னும் முதிராதவர்கள் என்பது மற்றது. முதல் வாதம் லோபை விடுவிக்கும் என்றால் வங்கிக் கொள்ளைக்காரனையும் விடுவிக்கும், மனைவியை அடிக்கிறவனையும் விடுவிக்கும். அரசுத் தரப்பில் தூக்குக் கேட்ட ராபர்ட் குரோவுக்கும்கூட அது பொருந்தும், அவருடைய கோபத்துக்கும் காரணச் சங்கிலி உண்டு. எல்லோருக்கும் ஒரேபோலப் பொருந்தும் சமாதானம் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. இரண்டாவது வாதம் பிரித்துக் காட்டுகிறது.

இதே இடத்தைத்தான் 38 ஆண்டுகள் கழித்து, 1962-ல், ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஸ்ட்ராசன் வேறொரு பக்கமிருந்து தொட்டார். ஒருவர் நம் காலை மிதித்துவிட்டால் கோபம் வருகிறது. பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கோபம் அடங்குகிறது. மிதித்தது சின்னக் குழந்தை என்றால் வேறு மாதிரி அடங்குகிறது. செயலுக்குக் காரணம் இருந்தது என்று கண்டுபிடித்தா நாம் மன்னிக்கிறோம்? இல்லை. முதலாமவருக்கு நம் மேல் கெட்ட எண்ணம் இல்லை. குழந்தைக்கோ எண்ணம் இன்னும் உருவாகவில்லை. மனக்குறை, நன்றி, மன்னிப்பு, குற்றவுணர்வு என்று மனிதர்கள் ஒருவரோடொருவர் பிணைந்திருக்கும் உணர்வுகளுக்குள்ளேயேதான் மன்னிப்பதற்கான விதிகளும் இருக்கின்றன என்றார் ஸ்ட்ராசன். அவர் பார்வையில், நியதிவாதம் உண்மை என்று நாளைக்கு யாராவது நிரூபித்தாலும் அந்த விதிகளில் ஒன்றும் மாறாது.

பிற்கால இணக்கவாதிகள் இதற்கு ஒரு சோதனைமுறை வகுத்தார்கள். ஜான் மார்ட்டின் ஃபிஷரும் மார்க் ரவிஸாவும் 1998-ல் எழுதிய புத்தகத்தில் இருப்பதை எளிமையாகச் சொன்னால் இப்படி: செயலைப் பிறப்பித்த மனது நியாயங்களைக் கண்டுகொள்ளக்கூடியதா? கண்டுகொண்டதற்கு ஏற்ப நடத்தையை மாற்றிக்கொள்ளக்கூடியதா? வலிப்பு வந்து கையை வீசுகிறவரிடம் எந்த நியாயம் சொன்னாலும் கை நிற்காது. போதைக்கு முழு அடிமையானவருக்கு நியாயம் தெரியும், ஆனால் மாற்றிக்கொள்ள முடிவதில்லை. இவர்களின் பொறுப்பு குறைகிறது. காரணம் இருந்ததால் அல்ல, இந்தத் திறன் இல்லாததால்.

இதை அந்த இருவர் மேல் வைத்துப் பாருங்கள். பொய்ப்பெயரில் கார் எடுத்தார்கள் என்றால், சொந்தக் கார் காட்டிக்கொடுக்கும் என்ற நியாயம் அவர்கள் மனத்தில் வேலை செய்தது. காரில் ஏற்றும் நேரத்தில் தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் பாபியைப் போகவிட்டிருப்பார்கள். இன்னார் என்று முடிவாகாத நிலையில் கடிதத்தை முன்கூட்டியே அடித்துவைத்ததே, சூழலுக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள் என்பதைக் காட்டுகிறது. இது வெறியில் கை மீறியது அல்ல. மாதக்கணக்கில் யோசித்த மனதின் வேலை. இணக்கவாதச் சோதனையில் பெருமளவு பொறுப்பு அவர்கள் மேல் விழுகிறது.

பெருமளவு என்கிறேன், முழுக்க என்று சொல்லவில்லை. டாரோ அழைத்து வந்த மனநல மருத்துவர்கள், இவர்களின் அறிவு வளர்ந்த அளவுக்கு உணர்வு வளரவில்லை என்று சாட்சி சொன்னார்கள். பிடிபடுவோம் என்ற நியாயம் அவர்களுக்கு எட்டியது. ஒரு சிறுவனுக்கு வலிக்கும், அவன் தாய் நொறுங்கிப்போவாள் என்ற நியாயம் எட்டியதா? எட்டியும் ஒதுக்கினார்களா, எட்டவே இல்லையா? இணக்கவாதத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒதுக்கினவன் பழிக்கு உரியவன். எட்டாதவனைப் பற்றி இணக்கவாதிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கோ இரண்டும் ஒரே முகமாகத்தான் தெரியும். இளம்வயது என்ற காரணம் கேவர்லிக்குக் கைகொடுத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். 18 வயதில் இந்தத் திறன் அரைகுறையாகத்தான் இருக்கும் என்பதை ஏற்க மூளைக்குள் எட்டிப்பார்க்கத் தேவையில்லை.

கடும் நியதிவாதி இத்தோடு அடங்கிவிட மாட்டார். இன்று அந்தப் பக்கத்தில் வலுவாக வாதாடுகிறவர் டெர்க் பெரபூம். அவருடைய வாதத்தை லோபுக்குப் பொருத்திச் சொல்கிறேன். ஒரு விஞ்ஞானிக் கூட்டம் லோப் பிறக்கும் முன்பே அவன் மூளையை அமைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1924 மே மாதத்தில் அவன் நியாயங்களைச் சீர்தூக்கி, தன் விருப்பப்படியே இந்தக் கொலையை முடிவுசெய்ய வேண்டும் என்பது அவர்களின் ஏற்பாடு. ஃபிஷரின் சோதனையில் இந்த லோபும் தேறிவிடுவான். ஆனாலும் அவனைப் பழிக்க நமக்கு மனது வருவதில்லை, விஞ்ஞானிகளைத்தான் பிடிக்கச் சொல்வோம். இப்போது விஞ்ஞானிகளை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செவிலித்தாயும் துப்பறியும் கதைகளும் பரம்பரையும் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். லோபின் பக்கமிருந்து பார்த்தால் என்ன மாறியது? இரண்டிலும் அவன் தன்னைத் தானே செய்துகொள்ளவில்லை. முன்னதில் பழி இல்லை என்றால் பின்னதிலும் இல்லை.

பீட்டர் ஸ்ட்ராசனின் மகன் கேலன் ஸ்ட்ராசன், தந்தைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று இதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னார். நீ இருக்கிற விதத்தால்தான் நீ செய்வதைச் செய்கிறாய். செய்ததற்கு இறுதியாக நீயே பொறுப்பு என்றால், இருக்கிற விதத்துக்கும் நீ பொறுப்பாக வேண்டும். அந்த விதத்தை நீயே தேர்ந்தெடுத்திருந்தால், தேர்ந்தெடுத்த அந்த 'நீ' எப்படி வந்தது? இந்தக் கேள்வி பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், எங்கேயும் நிற்காது.

இணக்கவாதிகள் விஞ்ஞானிக் கதைக்குப் பல பதில்கள் வைத்திருக்கிறார்கள். அதில் நேர்மையானதாக எனக்குப் படுவது, அந்தச் செய்யப்பட்ட லோபும் பொறுப்பாளிதான் என்று ஒப்புக்கொள்வது. அவன் இப்போது யார், என்ன மதிக்கிறான், எதை மிதிக்கிறான் என்பதுதான் கணக்கு, எப்படி வந்தான் என்பது அல்ல. விஞ்ஞானிகளைப் பிடிப்பதால் அவன் தப்பிவிட மாட்டான், குற்றவாளிகளின் எண்ணிக்கைதான் கூடும். கசக்கும் பதில்தான். இருந்தாலும் இதில் உண்மை இருக்கிறது.

இந்தச் சண்டை தெருவில் வந்து நிற்கும்போது எதில் வித்தியாசம் உண்டாக்குகிறது? பலர் நினைப்பதைவிடக் குறுகிய இடத்தில்தான். பொறுப்பு என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. நீ செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டுமா என்பது ஒன்று. செய்ததற்காகவே, வேறு எந்த நன்மையும் கருதாமல், நீ துன்பப்படத் தகுந்தவனா என்பது இன்னொன்று. பெரபூம் முதல் கேள்விக்கு ஆம் என்கிறார். லோபைக் கூப்பிட்டு ஏன் செய்தாய், என்ன செய்துவிட்டாய் தெரியுமா என்று கேட்கலாம், திருந்தவைக்கப் பார்க்கலாம், பாபியின் குடும்பத்துக்கு ஈடு செய்யச் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் அவர் இல்லை என்கிறார். அதனால் தூக்கு போகிறது, பழிவாங்கும் சிறையும் போகிறது. சிறைக் கதவு திறந்துவிடுவதில்லை. தொற்றுநோயாளி எந்தத் தப்பும் செய்யாதவர், ஆனாலும் ஊருக்காக அவரைத் தனிமைப்படுத்துகிறோம், நல்ல உணவும் சிகிச்சையும் கொடுக்கிறோம். ஆபத்தான குற்றவாளிக்கும் அந்த அளவுதான், அந்த விதம்தான் என்பது பெரபூமின் யோசனை.

இதில் பெரும் இரக்கம் இருக்கிறது. ஓர் ஓட்டையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1924 ஏப்ரலில் ஒரு மருத்துவர் லோபைப் பார்த்து, இவன் கொலை செய்வான் என்று உறுதியாகக் கணித்திருந்தால், தனிமைப்படுத்தும் வாதப்படி அப்போதே அவனை அடைக்கலாம்தானே? இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்பது இணக்கவாதிக்குப் பெரிய தடை. செய்யாததற்கு யாரும் தண்டனைக்கு உரியவராக முடியாது. கடும் நியதிவாதிக்கு அந்தத் தடை கிடையாது, ஏனென்றால் செய்த பிறகும் யாரும் தண்டனைக்கு உரியவர் அல்லர். மனிதரின் சுதந்திரத்தைக் கட்டாயத் தேவைக்கு மேல் பறிக்கக் கூடாது என்ற வேறொரு விதியைக் கொண்டுவந்துதான் அந்தத் தடையை அவர் கட்ட வேண்டியிருக்கிறது. ஆயுளும் 99 ஆண்டும் அதிகமா குறைவா என்பதையும் அவரால் குற்றத்தின் கனத்தை வைத்துச் சொல்ல முடியாது, மிச்சமிருக்கும் ஆபத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இணக்கவாதியின் பக்கத்தில் ஓட்டை வேறு இடத்தில். லோப் பதில் சொல்ல வேண்டியவன் என்பதை அவர் நன்றாகவே நிறுவுகிறார். அங்கிருந்து, அவன் கழுத்தில் கயிறு விழுவது தன்னளவிலேயே நல்லது என்பதற்குத் தாவும்போது, நடுவில் எந்தப் பாலமும் எனக்குத் தெரியவில்லை. நியாயம் அறியும் மனது என்பது பதில் சொல்ல வைப்பதற்குப் போதும். அந்த மனதைத் தற்செயலாகப் பெற்ற ஒருவனை வேண்டுமென்றே துன்புறுத்துவதற்கு அது போதாது. அந்த இடத்தில் டாரோ சொன்னதுதான் சரி என்பேன். அவர் கொண்டுவந்த வாதம் மட்டும் தேவைக்கு மேல் அகலமாகிவிட்டது.

லோபை 1936-ல் சக கைதி ஒருவன் சிறைக்குள் கொன்றான். லியோபோல்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிறைக்குள் நடந்த மலேரியா மருந்துச் சோதனைக்குத் தன் உடலைக் கொடுத்தான். 33 ஆண்டுகள் உள்ளே இருந்த பிறகு 1958-ல் பரோலில் வந்து, புவேர்ட்டோ ரிக்கோவில் மருத்துவமனை வேலை பார்த்து, 1971-ல் இறந்தான். பரோல் குழுவில் பெரபூமின் வழி வந்தவர் ஒருவர் இருந்திருந்தால் ஒரே கேள்வி கேட்டிருப்பார்: இவரால் இன்னும் யாருக்காவது ஆபத்து உண்டா? இல்லை என்றால், அதற்கு மேல் ஒரு நாள்கூட வைத்திருக்க அவருக்கு உரிமை இல்லை, அந்தப் பதில் 10 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தாலும் அப்படித்தான். இணக்கவாதி இன்னொன்றையும் கேட்டிருப்பார்: தான் செய்தது என்ன என்று இவர் இப்போது உணர்ந்திருக்கிறாரா? 1924-ல் எட்டாமல் போன, அல்லது ஒதுக்கித் தள்ளப்பட்ட அந்த நியாயம் இப்போது எட்டியதா என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். எனக்கு இந்த இரண்டாவது கேள்வி வேண்டும். அதற்கு வரும் பதிலை வைத்துச் சிறை ஆண்டுகளைக் கூட்டத்தான் வேண்டாம்.